கால்சியம் குறையவில்லை, அதைப் பிடிக்கும் கொடுக்குதான் இல்லை

கேள்வி: "அப்பாவுக்கு இதயத்தில் மெக்கானிக்கல் வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுக்கிறார்கள். ரத்தம் உறைய கால்சியம் வேண்டும், உறையவைக்கும் புரதங்கள் கால்சியத்தைப் பிடிக்க வைட்டமின் கே வேண்டும், அதைத்தான் வார்ஃபரின் கெடுக்கிறது என்று படித்தேன். அப்படியென்றால் பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டுமா? கீரை மட்டும் ஏன் ஆகாது? கால்சியத்தைப் 'பிடிப்பது' என்றால் என்ன?"

பாலை நிறுத்த வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரை இருந்தால் அதையும் இதற்காக நிறுத்த வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடும் உங்கள் அப்பாவின் ரத்தத்தில் கால்சியம் உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அளவில்தான் இருக்கும், ஒரு டெசிலிட்டருக்கு எட்டரையிலிருந்து பத்தரை மில்லிகிராம் வரை. பால் நாலு டம்ளர் குடித்தாலும் கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பி அதை அந்த எல்லைக்குள்தான் வைத்திருக்கும். மாறியிருப்பது கால்சியத்தைப் பிடிக்க வேண்டிய புரதம். நான் கும்பகோணத்தில் ரத்தப் பரிசோதனை மேசையில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன், உயிர்வேதியியல் படித்தவன், டாக்டர் இல்லை. அதனால் இது எப்படி நடக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். மாத்திரையின் அளவைப் பற்றி மட்டும் நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது அப்பாவைப் பார்க்கிற டாக்டருடையது.

கால்சியம் இல்லாவிட்டால் ரத்தம் உறையாது என்பது உண்மைதான், அதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். அப்பாவுக்கு ரத்தம் எடுக்கும்போது கவனித்திருப்பீர்கள், வெளிர்நீல மூடி போட்ட சின்னக் குழாயில் எடுப்பார்கள். அதன் அடியில் தண்ணீர் மாதிரி கொஞ்சம் திரவம் இருக்கும், அது சோடியம் சிட்ரேட். ரத்தம் உள்ளே விழுந்ததும் சிட்ரேட் அதிலுள்ள கால்சியத்தையெல்லாம் தன்னோடு கட்டிக்கொள்ளும், ரத்தம் மணிக்கணக்காகத் திரவமாகவே நிற்கும். பிறகு அதைச் சுழற்றி, மேலே தெளிகிற வெளிர்மஞ்சள் பிளாஸ்மாவில் பொட்டு அளவு எடுத்து, 37 டிகிரியில் வைத்து, திசுச்சாறும் கால்சியமும் கலந்த கரைசலை ஊற்றி, ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவேன். இப்போது மெஷின்தான் பார்க்கிறது, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கண்ணாடிக் குழாயைக் கையில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். பத்து விநாடி வரை தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், பன்னிரண்டாவது விநாடியில் சட்டென்று நின்றுவிடும், கஞ்சி ஆடை கட்டினாற்போல. வார்ஃபரின் சாப்பிடுகிறவரின் பிளாஸ்மாவிலும் அதே கரைசல், அதே அளவு கால்சியம்தான் ஊற்றுகிறேன், ஆனால் இருபத்தைந்து, முப்பது விநாடி ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் கேள்விக்கான பதில் அந்தக் குழாயிலேயே இருக்கிறது. கால்சியத்தைத் தாராளமாகக் கொடுத்தும் உறையவில்லை, ஏனென்றால் அதைப் பிடிக்க ஆள் இல்லை.

இந்தப் பிடிப்பைப் புரிந்துகொள்ள வயல் நண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நண்டு எதையாவது இறுகப் பற்றுவது கொடுக்கின் இரண்டு முனைகளும் எதிரெதிரே இருப்பதால்தான், ஒரு முனை ஒடிந்துவிட்டால் கொடுக்கு இருந்தும் பயனில்லை. உறையவைக்கும் புரதங்களில் நான்கு, அதாவது இரண்டாவது, ஏழாவது, ஒன்பதாவது, பத்தாவது காரணிகள், ஈரலில் உருவாகின்றன. அவற்றின் ஆரம்ப நாற்பத்தைந்து அமினோ அமிலங்களுக்குள் குளுட்டமிக் அமிலம் என்ற ஒன்று பத்துப் பன்னிரண்டு இடங்களில் வரும். அதன் நுனியில் எதிர்மின்னூட்டம் உள்ள கார்பாக்சில் தொகுதி ஒன்றுதான் இருக்கும், ஒற்றை முனைக் கொடுக்கு மாதிரி. கால்சியத்துக்கு இரட்டை நேர்மின்னூட்டம். ஒற்றை முனையால் அதைத் தொட முடியும், பிடித்து நிறுத்த முடியாது. ஈரல் செல்லுக்குள் ஒரு நொதி அந்தக் குளுட்டமிக் அமிலத்தின் நுனியிலுள்ள அதே கார்பனில் இன்னொரு கார்பாக்சில் தொகுதியை ஒட்டுகிறது. அதற்கான மூலப்பொருள் வேறெதுவும் இல்லை, நாம் மூச்சில் வெளியே விடுகிற அதே கரியமில வாயுதான். ஒட்டியதும் ஒரே நுனியில் இரண்டு முனைகள், கால்சியத்தைக் கவ்வுகிற கொடுக்கு தயார். இப்படி மாறிய அமிலத்துக்கு காமா கார்பாக்சி குளுட்டமிக் அமிலம் என்று பெயர், ஆய்வகங்களில் சுருக்கி 'கிளா' என்போம். இரண்டாவது காரணியான புரோத்ராம்பினில் இப்படிப் பத்து கிளா இருக்கின்றன.

சரி, கால்சியத்தைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? இதைப் பெரும்பாலும் பசை மாதிரி என்று சொல்லி முடித்துவிடுவார்கள், அது பாதி உண்மைதான். பத்து கொடுக்குகளும் கால்சியம் அணுக்களை வரிசையாகக் கவ்வும்போது, அதுவரை தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பகுதி முழுவதும் அவற்றைச் சுற்றி மடிந்து ஒரு திட்டமான வடிவத்துக்கு வருகிறது. மடிந்த பிறகுதான் எண்ணெய்ப்பசை உள்ள ஒரு சின்ன முனை வெளியே நீட்டிக்கொண்டு வரும், அது செல்லின் கொழுப்புப் படலத்தில் போய்க் குத்தி நிற்கும். எந்தச் செல்லில்? காயம்பட்ட இடத்தில் கூடிய தட்டணுக்களில். சும்மா இருக்கிற தட்டணு, பாஸ்ஃபடிடைல் செரின் என்ற எதிர்மின்னூட்டக் கொழுப்பை உள்பக்கமாகவே வைத்துக்கொண்டிருக்கும். காயத்தைத் தொட்டுக் கிளர்ந்தால்தான் அதை வெளிப்பக்கம் திருப்பும். அந்தக் கொழுப்புக்கும் கிளாவுக்கும் நடுவில் கால்சியம் பாலமாக நிற்கிறது. இப்படி எல்லோரும் ஒரே பரப்பில், அருகருகே வந்து உட்கார்ந்த பிறகு, பத்தாவது காரணி தன் துணைப் புரதத்தோடு சேர்ந்து புரோத்ராம்பினை வெட்டித் த்ராம்பினாக்குகிற வேகம், தனியாக ரத்தத்தில் மிதந்துகொண்டே வெட்டுவதைவிட லட்சக்கணக்கான மடங்கு கூடிவிடுகிறது. கொடுக்கு இல்லாத புரதமும் ரத்தத்தில் மிதக்கத்தான் செய்யும், காயத்தின் பக்கத்தில்கூடப் போகும், ஆனால் அங்கே உட்காராது, கூட்டத்தோடு அப்படியே கடந்துபோய்விடும்.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1933இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயி, செத்துப்போன கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், அழுகிய தீவனத்தையும் வண்டியில் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அந்தத் தீவனத்திலிருந்து கார்ல் பால் லிங்க் என்பவரின் குழு பிரித்தெடுத்த டைகூமரால்தான் வார்ஃபரினுக்கு மூத்தது. வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, ஆறு வருஷம் கழித்து மனிதர்களுக்கான மருந்தானது. எப்படி வேலை செய்கிறது என்பது அப்போதும் தெரியாது. 1974இல்தான் சுவீடனில் யோஹான் ஸ்டென்ஃப்ளோவும் அமெரிக்காவில் இன்னொரு குழுவும் டைகூமரால் கொடுத்த மாட்டின் புரோத்ராம்பினையும் சாதாரண மாட்டின் புரோத்ராம்பினையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அமினோ அமிலங்களை எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்று கால்சியத்தைப் பிடித்தது, இன்னொன்று பிடிக்கவில்லை. வித்தியாசம் அதுவரை யார் கண்ணிலும் படாததற்குக் காரணம், அமினோ அமிலங்களை எண்ணுவதற்குப் புரதத்தை அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அந்தச் சூட்டில் புதிதாக ஒட்டிய கரியமில வாயு கழன்று ஓடிவிடும், கிளா மறுபடியும் வெறும் குளுட்டமிக் அமிலமாகிவிடும். தேடுகிற முறையே தேடுகிற பொருளை அழித்துக்கொண்டிருந்தது. கொதிக்க வைக்காமல் துண்டாக்கிப் பார்த்த பிறகுதான் இரண்டாவது முனை தெரிந்தது.

இப்போது வைட்டமின் கே எங்கே வருகிறது என்று பார்ப்போம். அது புரதத்தின் பாகம் இல்லை, கால்சியத்தைத் தொடுவதும் இல்லை. குளுட்டமிக் அமிலத்தின் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது, அது லேசில் கழலாது. அதைப் பிடுங்கினால்தான் கரியமில வாயுவுக்கு இடம் கிடைக்கும். பிடுங்கும் பலம், ஹைட்ரஜன் ஏற்றிய வைட்டமின் கே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறபோது வருகிறது. எரிந்தபின் அது எப்பாக்சைடு என்ற தீர்ந்துபோன வடிவமாகிவிடும். ஒரு கொடுக்குக்கு ஒரு வைட்டமின் கே மூலக்கூறு, ஒரு புரோத்ராம்பினுக்கு மட்டும் பத்து. ஆனால் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு வேண்டியது கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம்தான், அதாவது அறுபது கிலோ ஆளுக்கு அறுபது மைக்ரோகிராம், உப்புக்கல்லில் ஒரு துணுக்கு. இவ்வளவு குறைவான சரக்கை வைத்து உடம்பு சமாளிப்பது அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால்தான். கொள்ளிடத்தில் ஓடம் விடுவது மாதிரி. இக்கரையில் ஆளை ஏற்றி அக்கரையில் இறக்கிய ஓடம், திரும்பி வந்தால்தான் அடுத்த நடை. எப்பாக்சைடாகிப்போன வைட்டமின் கேயை இக்கரைக்குத் திருப்பிக் கொண்டுவருவது வி.கே.ஓ.ஆர். என்கிற இன்னொரு நொதி. வார்ஃபரின் போய் உட்காருவது அந்தத் திரும்பும் நொதியின் மேல்தான். கொடுக்கு ஒட்டுகிற நொதியை அது தொடுவதில்லை, வைட்டமின் கேயை அழிப்பதும் இல்லை. ஓடங்கள் எல்லாம் அக்கரையில் சேர்ந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

இதிலிருந்து கீரைக்கான பதில் தானாக வருகிறது. சாப்பாட்டில் புதிதாக வரும் வைட்டமின் கே இக்கரையில் வந்து சேருகிற புது ஓடம். அதற்கு முதல் நடை போக வி.கே.ஓ.ஆர். கட்டாயமில்லை, ஈரலில் வார்ஃபரினுக்குக் கட்டுப்படாத வேறொரு வழி இருக்கிறது, அது புது வைட்டமினுக்கு ஹைட்ரஜன் ஏற்றிவிடும். ஆனால் எப்பாக்சைடை அந்த வழியால் திருப்ப முடியாது. எனவே புது ஓடங்கள் நிறைய வந்தால், ஒவ்வொன்றும் ஒரே ஒரு நடை போனாலும் வேலை நடந்துவிடும். வார்ஃபரின் அதிகமாகி ரத்தம் கசிகிறவருக்கு வைட்டமின் கே கொடுத்துச் சரிசெய்வதும் இதே கணக்கில்தான். கால்சியத்துக்கு இதில் பங்கே இல்லை, பால் எத்தனை குடித்தாலும் ஓடம் ஒன்றுகூட அதிகமாகாது.

இன்னொரு விஷயம் உங்களுக்கு உதவும். சோதனைக் குழாயில் இருக்கும் ரத்தத்தில் நேராக வார்ஃபரினைக் கலந்தால் ஒன்றும் ஆகாது, வழக்கம்போல உறையும். அது ஈரலில் இனிமேல் உருவாகப்போகும் புரதங்களைத்தான் கெடுக்கும், ஏற்கெனவே கொடுக்கோடு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவை தீரும்வரை காத்திருக்க வேண்டும். ஏழாவது காரணி ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், புரோத்ராம்பின் பாதியாக இரண்டரை, மூன்று நாள் பிடிக்கும். என் பரிசோதனை ஏழாவது காரணி குறைந்தாலே நீண்டுவிடும் என்பதால், மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில் ஐ.என்.ஆர். என்கிற எண், அதாவது ரத்தம் உறைய வழக்கத்தைவிட எவ்வளவு நேரம் கூடுகிறது என்பதைக் காட்டும் எண், நன்றாக ஏறியிருக்கும், ஆனால் ரத்தத்தில் புரோத்ராம்பின் இன்னும் நிறைய இருக்கும். போதாக்குறைக்கு, உறைவதைத் தடுக்கிற புரோட்டீன் சி என்பதும் கிளா உள்ள புரதம்தான், அதுவும் சீக்கிரமே தீர்ந்துபோகும். ஆக முதல் சில நாட்கள் எண் சொல்கிற பாதுகாப்பு உடம்பில் இருக்காது. அப்பாவுக்கு ஆரம்பத்தில் மாத்திரையோடு ஹெப்பாரின் ஊசியும் போட்டிருப்பார்கள், அது இந்த இடைவெளிக்குத்தான்.

கீரை எப்படிக் கணக்கைப் புரட்டும் என்பதற்கு, எங்கள் மேசைக்கு வந்த ஒருவரைச் சொல்கிறேன். பாபநாசம் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர், மைட்ரல் வால்வு மாற்றியவர், நாளைக்கு ஐந்து மில்லிகிராம் வார்ஃபரின். அவருக்கு டாக்டர் வைத்திருந்த ஐ.என்.ஆர். எல்லை இரண்டரையிலிருந்து மூன்றரை. எட்டு மாதமாக இரண்டே முக்காலுக்கும் மூன்றுக்கும் நடுவிலேயே நின்ற ஐ.என்.ஆர்., ஒரு மாதம் திடீரென்று 1.7 காட்டியது. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், மாறவில்லை. மாத்திரை விட்டுப்போயிருக்குமோ என்று வீட்டம்மாவிடம் கேட்டேன். "ஒரு நாள்கூட விடலை தம்பி, என் கையால நானே எடுத்துக் கொடுக்குறேன்" என்றார். சாப்பாட்டைக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கொடிக்காலில் வெற்றிலைக் கொடி படர அகத்திதானே நட்டிருப்பார்கள், அந்த மூன்று வாரமும் அகத்தியைக் கழித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள், கட்டுக்கட்டாகக் கீரை வீட்டுக்கு வந்திருக்கிறது, தினமும் பொரியலோ கூட்டோ. வால்வில் ரத்தம் கட்டிவிடும் ஆபத்து என்பதால் டாக்டர் மாத்திரையை ஆறு மில்லிகிராம் ஆக்கி, பத்து நாளில் வரச் சொன்னார். பத்து நாளைக்குள் அகத்தி கழிப்பது முடிந்துவிட்டது, பயந்துபோய் கறிவேப்பிலையைக்கூடத் தட்டில் ஒதுக்கியிருக்கிறார்கள். மாத்திரை கூடியது, ஓடம் குறைந்தது, எண் 4.6. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததாகச் சொன்னார். டாக்டர் ஒரு வேளை மாத்திரையை நிறுத்தி, பழையபடி ஐந்துக்கு இறக்கினார். வாரத்தில் இரண்டு நாள், ஆளுக்கு ஒரு கரண்டி, என்ன கீரையானாலும் சரி, கூட்டவும் வேண்டாம் விடவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் 2.9.

அகத்தி மருந்தை முறிக்கும் என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். எல்லா மருந்துக்கும் அது பொருந்துமா என்பது வேறு விஷயம், இந்த ஒரு மருந்துக்கு அது வார்த்தைக்கு வார்த்தை பொருந்துகிறது. ஆனால் அகத்தியின் தனிக்குணம் இல்லை அது. இலை வெயிலைப் பிடித்து உணவாக்குகிற அமைப்பிலேயே வைட்டமின் கே ஒரு பாகம், அதனால் முருங்கை, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, எந்தக் கரும்பச்சை இலையிலும் அது இருக்கும். ஆடியில் கூழோடு தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுகிற வீடுகளிலும் இதே ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறோம். கீரையே வேண்டாம் என்று சொல்லிவிடுவது வசதிதான், ஆனால் அது நல்ல யோசனை என்று எனக்குப் படவில்லை. வைட்டமின் கே கையிருப்பு வற்றிப்போனவர்களிடம், ஒரு நாள் தவறிச் சாப்பிட்ட ஒரு கிண்ணம் கீரையே எண்ணைச் சட்டென்று இறக்கிவிடும். எண் நிலையாக நிற்காதவர்களுக்குத் தினமும் சிறிதளவு வைட்டமின் கேயையே மாத்திரையாகக் கொடுத்து நிலைப்படுத்தலாமா என்று சில ஆய்வுகள் பார்த்திருக்கின்றன, முடிவுகள் ஒருபோல வரவில்லை, அதனால் அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான். எவ்வளவு கீரைக்கு எண் எவ்வளவு இறங்கும் என்று பொதுவான கணக்கு கிடையாது. வி.கே.ஓ.ஆர். நொதியின் மரபணுவே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, ஒருவருக்கு இரண்டு மில்லிகிராம் போதும், இன்னொருவருக்குப் பத்து வேண்டியிருக்கும்.

கடைசியாக, கால்சியம் உண்மையிலேயே தப்பான எண்ணைக் காட்டிவிடுகிற ஒரே இடம் எங்கள் குழாய்தான். ஐ.என்.ஆர். கணக்கு சுலபம். எங்கள் கரைசலில் சாதாரண ஆட்களுக்கு 12 விநாடி, அப்பாவுக்கு 28 விநாடி என்றால், 28ஐ 12ஆல் வகுத்து, அந்தக் கரைசல் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அதன் அடுக்காக வைக்க வேண்டும். அது 1.1 என்றால் விடை சுமார் 2.5. கரைசல் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதைச் சமன்செய்யத்தான் அந்த அடுக்கு. இதெல்லாம் சரியாக வர, நீலமூடிக் குழாயில் ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் இருக்க வேண்டும், 0.3 மில்லி சிட்ரேட் உள்ள குழாயில் 2.7 மில்லி. நரம்பு கிடைக்காமல் ஒன்றரை மில்லியோடு நிறுத்திவிட்டால் சிட்ரேட் மிஞ்சிப்போய், நாங்கள் ஊற்றுகிற கால்சியத்தையும் அதுவே விழுங்கிவிடும். உறைய நேரமாகும், எண் பொய்யாக ஏறும், அதைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தால் வால்வுக்கு ஆபத்து. நான் அப்படி வந்த குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவேன், எல்லா இடத்திலும் அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் அடுத்த முறை அப்பாவுக்கு ரத்தம் எடுக்கும்போது, குழாயின் மேல் போட்டிருக்கும் கோடு வரை ரத்தம் வந்திருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வரவில்லை என்றால் வேறு குழாயில் மறுபடி எடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.